மனக்கோட்டைக்கு அட்வான்ஸ் எவ்வளவு?

'மனக்கோட்டை கட்டாதேடா' என்று சின்ன வயதில் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னார்கள். இப்போது மனக்கோட்டை கட்டச் சொல்லிப் புத்தகம் போடுகிறார்கள், பணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்துகிறார்கள். மெமரி பேலஸ். தமிழில் நினைவு மாளிகை. வரிசையாக மனப்பாடம் செய்ய வேண்டிய சமாசாரங்களை, நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தில் மூலைக்கு ஒன்றாக மனசுக்குள் வைத்துவிட்டு, பிறகு அந்த இடத்தில் மனசாலேயே நடந்துபோய் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொள்வது. அவ்வளவுதான் வித்தை.

இதை ஆரம்பித்தவராகச் சொல்லப்படுகிறவர் சிமோனிடிஸ் என்ற கிரேக்கக் கவிஞர். சிசரோ எழுதிவைத்த கதை இது. ஸ்கோபாஸ் என்ற பணக்காரர் தன் விருந்தில் தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னார். இவரும் பாடினார், ஆனால் பாதிப் பாட்டில் காஸ்டர், பாலக்ஸ் என்ற இரட்டைத் தேவர்களைப் புகழ்ந்துவிட்டார். 'பாதிச் சன்மானம்தான் என்னுடையது, மீதியை அந்தத் தேவர்களிடம் வாங்கிக்கொள்' என்றாராம் ஸ்கோபாஸ். (ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனின் நிலைமை இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக மாறவே இல்லை, கவனியுங்கள்.) யாரோ இரண்டு வாலிபர்கள் கூப்பிடுகிறார்கள் என்று கவிஞர் வெளியே வந்த நேரத்தில் கூரை இடிந்து விழுந்து, உள்ளே இருந்த அத்தனை பேரும் நசுங்கிவிட்டார்கள். அடையாளமே தெரியவில்லை. யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதை வைத்து, சிமோனிடிஸ் ஒவ்வொருவரையும் அடையாளம் சொன்னாராம். ஆள் மறந்தாலும் இடம் மறக்காது. அதுதான் அஸ்திவாரம்.

சிமோனிடிஸ் போதும். என் மைத்துனனுக்கு வருகிறேன்.

ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். வீடு தாம்பரம், ஆபீஸ் நுங்கம்பாக்கம். தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வு எழுதப் போகிறான். வயது வரம்பை வைத்துப் பார்த்தால் அவனுக்கு இதையும் சேர்த்து இரண்டே தடவைதான் பாக்கி. தேர்வுக்கு இருபத்தொரு நாள் இருக்கும்போது, சார்ட் பேப்பரில் நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள் போட்டு சுவரில் ஒட்டினான். தினம் மாலை ஏழரை முதல் எட்டரை வரை படிப்பு. முதல் நாள்: அரசியலமைப்பின் 12 அட்டவணைகள், மெமரி பேலஸ் முறையில்.

மூன்றாம் நாள் எனக்கு போன்.

"மாமா, எல்லாம் ஊத்திக்கிச்சு. முதல் நாள் ஒரு மணி நேரத்துல நாலு அட்டவணைதான் ஆச்சு. ரெண்டாம் நாள் பாடம் மூணாம் நாளுக்குப் போயிடுச்சு. டைம்டேபிளே நாசம். அரசியலமைப்பையே விட்டுடலாமான்னு பார்க்கறேன்."

"இருடா மச்சான், வரேன்" என்று கிளம்பினேன். டைம்டேபிளைப் பார்த்ததும் என் பி.காம். மூளைக்கு விஷயம் புரிந்துவிட்டது. இது ஞாபகசக்திப் பிரச்னையே இல்லை, கணக்குப் பிரச்னை. கடைக்கு மிஷின் வாங்கிய செலவு மொத்தத்தையும் முதல் நாள் வியாபாரத்தில் கழித்துவிட்டு 'ஐயோ நஷ்டம்' என்று அலறுவது போல. மிஷின் வாங்குவது மூலதனச் செலவு. மாளிகை கட்டுவதும் அப்படித்தான். அதற்குத் தனி பத்தி போட வேண்டும்.

இந்தத் தொழிலில் மூன்று விதமான நேரம் போகிறது. முதலாவது, பாதையை முடிவு செய்வது: எந்த இடம், அதில் எந்த மூலைகள், எந்த வரிசையில். இரண்டாவது, ஒவ்வொரு மூலையிலும் ஒரு படத்தை வைப்பது. மூன்றாவது, திரும்பத் திரும்ப நடந்து பார்ப்பது. பயல் டைம்டேபிளில் இரண்டாவதுக்கு மட்டும்தான் நேரம் ஒதுக்கியிருந்தான், அதுவும் பாதி.

பாதை விஷயத்தில் மட்டும் அவனுக்கு அதிர்ஷ்டம். தினம் மின்சார ரயிலில் போகிறவன். தாம்பரத்தில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம். எண்ணிப் பாருங்கள், சரியாகப் பன்னிரண்டு. பதின்மூன்றில் இறங்கி ஆபீஸ் போய்விடலாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசையைச் சொல்வான். அவனாகவே இதைத்தான் பிடித்திருந்தான், கெட்டிக்காரன்.

ஆனால் ஸ்டேஷன் பெயர் தெரிவது வேறு, மூலை தெரிவது வேறு. எல்லா ஸ்டேஷனிலும் அதே மஞ்சள் போர்டு, அதே சிமென்ட் பெஞ்ச், அதே தண்ணீர் வராத குழாய். அவன் நாலு படத்தையும் நாலு பிளாட்பாரத்து பெஞ்சில் வைத்திருந்தான். எது எந்த பெஞ்ச் என்று குழம்பாமல் என்ன செய்யும்? ரோமாபுரிக் காலத்து லத்தீன் நூல் ஒன்று இருக்கிறது, எழுதியவர் பெயர் தெரியாது, ஹெரேனியஸ் என்பவருக்காக எழுதியது. கிடைத்திருப்பவற்றில் இந்த வித்தைக்கு விவரமான பழைய கைடு அதுதான். அதிலேயே சொல்லியிருக்கிறது: இடங்கள் ஒன்றுபோல ஒன்று இருக்கக் கூடாது, ரொம்ப வெளிச்சமும் வேண்டாம், ரொம்ப இருட்டும் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் நடுவே முப்பது அடி இருந்தால் நல்லது, கூட்டமில்லாத இடமாகப் பார்த்துக்கொள். கடைசி யோசனையைச் சொன்னவர் மாம்பலம் ஸ்டேஷனைப் பார்க்காத புண்ணியவான்.

ஆகவே பிளாட்பாரத்தைத் தலைமுழுகிவிட்டு, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அதற்கே உரிய ஒரு அடையாளத்தைப் பிடித்தோம். சானடோரியத்துக்கு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. பல்லாவரத்துக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை. திரிசூலத்துக்கு எதிரே விமான நிலையம். கிண்டிக்குப் பாம்புப் பண்ணை. மாம்பலத்துக்கு ரங்கநாதன் தெரு. அடையாளம் சட்டென்று கிடைக்காத ஊருக்குப் பெயரின் ஓசையே போதும் என்று விட்டோம். இதற்கு மட்டும் முப்பத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஒரு அட்டவணைகூட இன்னும் உள்ளே போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள். 'முதல் நாள் ஒண்ணுமே நடக்கல' என்று அவன் கதறியது இந்த முப்பத்தைந்தைத்தான்.

அடுத்தது படங்கள். தாம்பரம், முதல் அட்டவணை: மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும். வெளியூர் ரயிலுக்குக் காத்திருக்கும் கும்பல் இந்தியா மேப்பையே ஜமுக்காளமாக விரித்து, மாநிலத்துக்கு ஒரு குடும்பமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறது. சானடோரியம், இரண்டாவது: ஜனாதிபதி, கவர்னர்கள், நீதிபதிகள் போன்றோரின் சம்பளம், படிகள். ஆஸ்பத்திரி மாத்திரை கவுன்ட்டரில் ஜனாதிபதியும் கவர்னரும் க்யூவில் நிற்கிறார்கள். ஜன்னல் வழியே சம்பளக் கவர் வருகிறது.

குரோம்பேட்டையில் தகராறு. மூன்றாவது அட்டவணை பதவிப் பிரமாணங்கள். பயல் அங்கே ஒரு மந்திரி உறுதிமொழி எடுப்பதாக வைத்திருந்தான். இது தினம் டி.வி.யில் வருவதுதானே, மனசில் எப்படி ஒட்டும்? குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற பேட்டை. எனவே மந்திரி ஒரு புத்தம் புது லெதர் ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாலீஷ் வாசனையில் தும்மித் தும்மிப் பிரமாணம் எடுக்கிறார் என்று மாற்றினோம். இடத்துக்கும் படத்துக்கும் ஒரு முடிச்சு, கூடவே ஒரு வாசனை, ஒரு சத்தம். அதற்கப்புறம் குரோம்பேட்டை தப்பவே இல்லை.

பல்லாவரத்தில் லட்டு மாதிரி விழுந்தது. நாலாவது அட்டவணை ராஜ்ய சபா இடங்களை மாநிலங்களுக்குப் பிரிப்பது. சந்தையில் பழைய நாற்காலி விற்கிறார்கள் அல்லவா? மாநிலத்துக்கு இத்தனை என்று நாற்காலிகளை அடுக்கி ஏலம். 'தமிழ்நாட்டுக்குப் பதினெட்டு!' என்று கூவுகிறான் கடைக்காரன். வரிசையோடு எண்ணிக்கையும் இலவச இணைப்பாக வந்துவிட்டது.

திரிசூலத்தில் பழங்குடித் தலைவர் ஒருவர் திரிசூலத்தை ஊன்றி, விமானத்தை ஓடுபாதையிலேயே நிறுத்தி 'பர்மிட் எங்கே?' என்கிறார்: அட்டவணைப் பகுதிகள், பழங்குடியினர் நிர்வாகம். மீனம்பாக்கத்தில் நாலு மீன்கள் கிளாஸில் அஸ்ஸாம் டீ உறிஞ்சுகின்றன: அஸ்ஸாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் என்ற நாலு மாநிலப் பழங்குடிப் பகுதிகள். பழவந்தாங்கலில் பழக்காரம்மாவிடம் மூன்று கூடை. ஒன்று டெல்லிக்கு, ஒன்று மாநிலத்துக்கு, மூன்றாவதை இரண்டு பேரும் பிடித்து இழுக்கிறார்கள்: மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். பரங்கிமலையில் ஒரு ராட்சதப் பரங்கிக்காய்க்கு இருபத்திரண்டு வாய், ஒவ்வொன்றும் ஒரு பாஷை.

கிண்டிதான் கொஞ்சம் நேரம் சாப்பிட்டது. ஒன்பதாவது அட்டவணை, நிலச் சீர்திருத்தம் போன்ற சட்டங்களைக் கோர்ட்டில் எதிர்க்க முடியாதபடி பாதுகாக்க 1951-ல் முதல் திருத்தத்தில் சேர்த்தது. இந்த மாதிரி உருவமே இல்லாத சமாசாரத்துக்குப் படம் பிடிப்பதுதான் இந்த வித்தையில் கஷ்டமான வேலை. கடைசியில் பாம்புப் பண்ணைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிலப் பத்திரக் கட்டு. வெளியே கறுப்பு கவுன் போட்ட நீதிபதி மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்க்கிறார், தொட முடியவில்லை. ஆனால் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு விரிசல். ஏனென்றால் 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அதில் சேர்த்த சட்டங்களைக் கோர்ட் ஆராயலாம் என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

மிச்சம் மூன்று சுலபம். சைதாப்பேட்டையில் அடையாற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு எம்.எல்.ஏ. தாவுகிறார், அந்தரத்திலேயே வேட்டிக்கரை நிறம் மாறுகிறது: கட்சித் தாவல் தடை. ரங்கநாதன் தெரு நட்டநடுவில் ஆலமரம், அதன் அடியில் சொம்போடு பஞ்சாயத்து. கோடம்பாக்கத்தில் ஹீரோ நகராட்சிக் குப்பை வண்டி தள்ளுகிறார், டைரக்டர் 'ஒன் மோர்' என்கிறார். ஊராட்சி, நகராட்சி. முடிந்தது பன்னிரண்டு.

படம் ஒன்றுக்குச் சராசரி நாலு நிமிஷம். மொத்தம் நாற்பத்தெட்டு. உடனே முன்னும் பின்னுமாக நடந்து பார்த்ததற்குப் பதினைந்து.

"சரி, ஏழாவது அட்டவணை என்ன?" என்று கேட்டேன். பயல் தாம்பரத்தில் ஏறி, ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று வந்தான். பாசஞ்சர் வண்டி! தேர்வு ஹாலில் இதற்கெல்லாம் நேரம் கிடையாது. இதற்கும் அந்த லத்தீன்காரரிடம் மருந்து இருக்கிறது: ஐந்தாவது இடத்தில் ஒரு தங்கக் கை வை, பத்தாவது இடத்தில் டெசிமஸ் என்று பெயருள்ள தெரிந்தவரை நிறுத்து என்கிறார். அந்தப் பெயரிலேயே பத்து இருக்கிறது. திரிசூலத்துத் தலைவருக்குத் தங்கக் கை மாட்டினோம். டெசிமஸுக்கு நான் எங்கே போக? சைதாப்பேட்டை எம்.எல்.ஏ. வாயில் பத்து ரூபாய் நாணயத்தைச் செருகினோம். இப்போது ஏழு என்றால் தங்கக் கையிலிருந்து இரண்டே ஸ்டேஷன்.

மறுநாள் காலை அவன் ரயிலிலேயே சோதித்துவிட்டு 'பன்னிரண்டும் சரி மாமா' என்றான். செல்லாது என்றேன். ரயிலில் போகும்போது மஞ்சள் போர்டே 'அடுத்து நான்தான்' என்று வந்து நிற்கிறது. தேர்வு ஹாலில் எந்தப் போர்டும் வராது. ரயிலில் நடை பழகலாம், பரீட்சை வைக்கக் கூடாது. அதை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

அப்படி வீட்டில் செய்தபோது மூன்று இடத்தில் தடுக்கியது, மூன்றும் மூன்று வியாதி. பழவந்தாங்கலையே விட்டுவிட்டு மீனம்பாக்கத்திலிருந்து பரங்கிமலைக்குத் தாவினான்: இது பாதைக் கோளாறு. வெறும் ஸ்டேஷன்களை மட்டும் நாலு தடவை ஓட்டினால் சரியாகும். இரண்டாவது, சானடோரியம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, க்யூவில் யாரையும் காணோம்: படம் மங்கல். படத்தை இன்னும் அசிங்கமாகவோ அபத்தமாகவோ மாற்ற வேண்டும். ஜனாதிபதியை கவர்னர் முழங்கையால் இடித்து முன்னே போகிறார் என்று வைத்தோம். மூன்றாவது, கிண்டிக் கண்ணாடிக் கூண்டு ஜோராக வந்தது. ஆனால் 'இது மியூசியமா மாமா?' என்றான். படம் இருக்கிறது, அர்த்தம் கழன்றுவிட்டது. இதற்குப் படத்தை அலங்கரித்துப் பிரயோஜனமில்லை. பாடத்தைத் திரும்பப் படித்து, 'இந்த நீதிபதி ஏன் வெளியே நிற்கிறார்?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். 'மறந்துபோச்சு' என்று பொதுவாக அழாமல் மூன்றில் எது என்று பார்த்தால் ரிப்பேருக்கு இரண்டு நிமிஷம் போதும்.

படம் மங்குவது மகா மேதைகளுக்கும் உண்டு. லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்த ஞாபக மன்னன் ஒருவர், மாஸ்கோ தெருவில் மனசால் நடந்து பட்டியல் ஒப்பிப்பார். ஒரு தடவை 'முட்டை' விட்டுப்போயிற்று. காரணம் கேட்டால், வெள்ளைச் சுவர் முன்னால் வைத்துவிட்டாராம், தெரியவில்லையாம்!

இனி கணக்கு. பாதை 35, படங்கள் 48, முதல் நடை 15. பிறகு அன்றிரவு, மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஐந்து தடவை நடந்ததற்கு மொத்தம் 20. ஆகமொத்தம் 118 நிமிஷம். இதையே அவன் பழைய பாணியில் எழுதி எழுதி உருப்போட்டிருந்தால்? அவனுடைய போன தடவை நோட்டை வைத்துப் பார்த்தேன். முதல் நாள் அரை மணி. அப்புறம் மூன்று நாளைக்கு ஒரு தடவை மறந்து மறந்து பத்துப் பத்து நிமிஷமாக ஏழு தடவை. மொத்தம் நூறு.

ஆமாம் ஸார், முதல் பட்டியலில் மாளிகைக்கு நஷ்டம்தான். இதை வகுப்பு நடத்துகிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். லாபம் இரண்டாவது பட்டியலில்தான் ஆரம்பம். ராஜேந்திர பிரசாத்திலிருந்து 2022-ல் பதவியேற்ற திரௌபதி முர்மு வரை பதினைந்து ஜனாதிபதிகளை அவன் ஆபீஸ் லிஃப்டிலிருந்து கேன்டீன் வரை நிறுத்தினான். மூலை பிடிக்கிற வித்தை கைவந்துவிட்டதால் பாதைக்குப் பதினைந்து நிமிஷம்தான். படத்துக்கு இரண்டு நிமிஷமாகக் குறைந்துவிட்டது. நடைகளையும் சேர்த்து 75. பன்னிரண்டு பெயருக்கே உருப்போட நூறு ஆனதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜனாதிபதிகளையும் ரயிலிலேயே ஏற்றிவிடலாம் என்றுதான் அவன் ஆசைப்பட்டான். கூடவே கூடாது. இரண்டு நாள் முன்னால் வைத்த படத்தின் மேல் புதுப் படம் வைத்தால், பழையது ஆவியாக வந்து நிற்கும். பல்லாவரத்து நாற்காலியில் வி.வி. கிரி உட்கார்ந்துவிடுவார். ஒரு தேர்வுக்கு ஒரு பாதையில் ஒரு பட்டியல்.

டைம்டேபிளைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். பாதை வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை தனியாக அரை மணி. படங்கள் ஒரு நாளைக்கு ஆறுதான். இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் போனால் கற்பனை வறண்டு எல்லாப் படத்திலும் யாராவது வழுக்கி விழ ஆரம்பிக்கிறார்கள். மாலையில் மிச்ச நேரம் கணக்கும் தமிழும். நடைகள் ரயிலுக்கு. கடைசி ஏழு நாள் கட்டட வேலைக்குத் தடை. புது மாளிகையில் பால் காய்ச்சவும் ஒரு வாரம் வேண்டாமா? அதற்குள் முடியாத பட்டியல் எதுவானாலும் உருப்போடு, இல்லை விட்டுத்தள்ளு.

எல்லாவற்றுக்கும் மாளிகை கட்டத் துடித்தவனைத் தடுப்பதுதான் பெரும்பாடு. வரிசை எண் கேட்பார்களா? எட்டு, பத்துக்கு மேல் இருக்கிறதா? ஒன்றிலிருந்து இன்னொன்று வரக் காரணம் எதுவும் இல்லையா? மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் மாளிகை. சரித்திரச் சம்பவங்களுக்குக் காரண காரியம் இருக்கிறது, கதையாகப் படித்தாலே போதும். அப்படி வடிகட்டினால் அவன் சிலபஸில் மூன்று பட்டியல்தான் தேறியது: அட்டவணைகள், ஜனாதிபதிகள், 2017-ல் முடிந்த பன்னிரண்டு ஐந்தாண்டுத் திட்டங்கள்.

பெரிய அளவில் செய்ய வேண்டுமானால் அதற்கு வேறு பட்ஜெட். 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சாதாரண ஆட்களுக்கு தினம் அரை மணி வீதம் நாற்பது நாள் இதே பயிற்சி கொடுத்தார்கள். 72 வார்த்தைப் பட்டியலில் முப்பதுக்குள் நினைவு வைத்திருந்தவர்கள் அறுபதைத் தாண்டினார்கள். பிரமாதம்தான். ஆனால் கூட்டிப் பாருங்கள், இருபது மணி நேரம். தேர்வுக்கு இருபத்தொரு நாள் இருக்கையில், தினம் ஒரு மணி படிக்கிறவனுக்கு அது அவனுடைய மொத்தச் சொத்து.

தேர்வு முடிந்துவிட்டது, ரிசல்ட் வரவில்லை. கட்சித் தாவல் எந்த அட்டவணை என்று ஒரு கேள்வி வந்ததாம். வாயில் பத்து ரூபாயோடு எம்.எல்.ஏ. தாவினாராம். இனி போய்ப் பார்க்காவிட்டால் சில மாதங்களில் படங்கள் மங்கிவிடும், ரயில் பாதை அடுத்த பட்டியலுக்குக் காலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜைக்கு நாற்காலி வாங்கப் பல்லாவரம் சந்தைக்குக் கூட்டிப்போன என் மனைவிதான் குறைப்பட்டாள்.

"என்னங்க, நாலு நாற்காலி போதும்னா, தம்பி பதினெட்டு எண்ணிட்டு நிக்கறான்."